‘பாபி’ ஊறுகாய் மலேசியாவில் விற்குமா?

ஹவாய்த் தீவுகளில் காப்பிக்குப் பெயர்போன பகுதி கோனா. தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனம் 2017ஆம் ஆண்டு கொண்டுவந்த சிறிய எஸ்யூவி காருக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்தது. உலகின் பல நாடுகளில் அந்தக் கார் கோனாதான். ஆனால் போர்ச்சுகலில் அதே கார் ‘கவாய்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அதுவும் ஒரு ஹவாய்த் தீவின் பெயரே. போர்ச்சுகீசிய மொழியில் ‘கோனா’ என்ற ஒலி, பெண்ணுறுப்பைக் கொச்சையாகச் சொல்லும் சொல்லின் ஒலி. குடும்பத்தோடு போய் வாங்கும் காரை அந்தப் பெயர் சொல்லி யார் கேட்பார்கள்?

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காரின் பெயர் ஆங்கிலத்தில் K எழுத்தில் தொடங்குகிறது. போர்ச்சுகீசியக் கொச்சைச் சொல்லோ C எழுத்தில் தொடங்குகிறது. அகராதியில் K வரிசையைப் புரட்டியிருந்தால் எதுவும் அகப்பட்டிருக்காது. அந்த ஊர்க்காரர் ஒருவர் காதால் கேட்டால் நொடியில் தெரிந்துவிடும். பெயரைப் பிற மொழிகளில் சோதிப்பது என்றாலே இணையத்தில் தேடிப் பார்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். தேடல் எழுத்தைத்தான் பார்க்கும். வாங்குபவர் காதில் விழுவது ஒலி. அதிலும் கொச்சைச் சொற்களில் பாதி அகராதிக்கே வருவதில்லை.

அதனால் இந்தச் சோதனையை மனிதர்களை வைத்துத்தான் செய்ய வேண்டும். பொருள் விற்கப்போகும் நாட்டில் இன்று வாழ்கிற, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட இரண்டு மூன்று பேராவது வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டு வந்த உறவினருக்கு இன்றைய கல்லூரி மாணவர்களின் பேச்சு தெரியாது. ஆகவே ஒருவராவது இளைஞராக இருப்பது நல்லது. ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழாமல் தனித்தனியே கேட்க வேண்டும்.

கேட்கும் வரிசையும் முக்கியம். எடுத்த எடுப்பில் “இதற்குத் தப்பான அர்த்தம் ஏதும் உண்டா?” என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால், சங்கடப்பட்டு “இல்லை” என்பவர்களும் உண்டு, வலிந்து ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. முதலில் பெயரைச் சொல்லிக் காட்டி, மனதில் உடனே தோன்றுவதை எழுதச் சொல்ல வேண்டும். அடுத்து, எழுத்தில் காட்டி வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். நாம் நினைத்த உச்சரிப்பும் அவர் படிக்கும் உச்சரிப்பும் பல நேரம் ஒன்றாக இருக்காது. அதன் பிறகுதான் நேரடியாகக் கேட்க வேண்டும்: கொச்சைச் சொல்லை நினைவூட்டுகிறதா, மதம், அரசியல், நோய், சாவு என்று எதையாவது தொடுகிறதா, ஏற்கெனவே உள்ள ஏதாவது பொருளின் பெயர் போல இருக்கிறதா?

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். கோயம்புத்தூரில் ஊறுகாய் தயாரிக்கும் ஒருவர், வடஇந்தியச் சந்தையை மனதில் வைத்து ‘பாபி’ என்ற பெயரை யோசிக்கிறார் என்று கொள்வோம். இந்தியில் அது அண்ணியைக் குறிக்கும் சொல். வீட்டுச் சமையலின் நெருக்கம் அதில் இருக்கிறது, டெல்லியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு மலேசியாவுக்கும் அனுப்பலாம் என்பது திட்டம். மலாய் மொழியில் கிட்டத்தட்ட இதே ஒலியில் உள்ள சொல்லுக்குப் பன்றி என்று பொருள். உணவில் ஹலால் பார்த்து வாங்கும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில், சாப்பாட்டுப் பொருளின் மூடியில் அந்தச் சொல். இந்தோனேசியாவிலும் இதே கதைதான்.

இனி தமிழ்நாட்டுக்கே வருவோம். நம் எழுத்தில் வடமொழிகளின் வல்லொலி, மெல்லொலி இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். புட்டியில் ‘பாபி’ என்று அச்சிட்டால், இந்தி தெரியாதவர் அதை நம் வழக்கப்படி வன்மையாகத் தொடங்கித்தான் படிப்பார். அது ‘பாவி’க்குப் பக்கத்தில் போய் நிற்கும். இந்தியிலேயே வல்லொலியில் சொன்னால் பாவம் செய்தவன் என்றுதான் பொருள். ஒரே பெயர், மூன்று இடங்களில் மூன்று விதமாக ஒலிக்கிறது. காதால் கேட்டுச் சோதிப்பதோடு, அந்தந்த ஊர் எழுத்தில் எழுதிப் படிக்கவும் சொல்ல வேண்டும் என்பது இதற்காகத்தான்.

ஆனால் ஒலி ஒத்துப்போகும் ஒவ்வொரு பெயரையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. செவ்ரலே ‘நோவா’ கார் ஸ்பானிய நாடுகளில் விற்கவே இல்லை, அந்தப் பெயருக்கு ‘ஓடாது’ என்று அர்த்தம் என்றொரு கதை வணிக வகுப்புகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அது கட்டுக்கதை. அந்தக் கார் மெக்சிகோவிலும் வெனிசுவேலாவிலும் நன்றாகவே விற்றது. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் நோவா என்ற பெயரில் பெட்ரோலே விற்றது. ‘நோவா’ என்பதில் முதல் எழுத்தில் அழுத்தம் விழும், ‘ஓடாது’ என்பதில் இரண்டாவதில் விழும். அந்த மொழிக்காரருக்கு இரண்டும் வேறு வேறு. நம் ஊரில் ‘கூகுள் பே’ என்று நாள் முழுக்கச் சொல்கிறோம், யாருக்கும் பேய் நினைவுக்கு வருவதில்லை. பணம் கட்டுவது என்ற பொருள் ஏற்கெனவே மனதில் பதிந்துவிட்டது.

ஆகவே சோதனையில் ஏதாவது அகப்பட்டால் மூன்றைப் பார்த்து முடிவெடுக்கலாம். ஒலி எவ்வளவு நெருக்கம், அர்த்தம் எவ்வளவு மோசம், அந்தப் பெயர் வாங்குபவர் கண்ணில் எங்கே படப்போகிறது. 2012இல் அமெரிக்காவின் கிராஃப்ட் நிறுவனம் தன் தின்பண்டப் பிரிவுக்கு மொண்டலீஸ் என்று பெயர் சூட்டியபோது, ரஷ்ய மொழியில் அது ஆபாசமாக ஒலிக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. பல மொழிகளில் சோதித்துவிட்டோம் என்றது நிறுவனம், பெயரை மாற்றவில்லை. அது நிறுவனத்தின் பெயர். கடையில் மக்கள் கேட்பது ஓரியோவும் காட்பரியும்தான். அதே பெயரைப் பிஸ்கட்டுக்கே வைத்திருந்தால் கணக்கு வேறு.

சோதனைக்கும் எல்லை உண்டு. டாடா மோட்டார்ஸ் ஒரு காருக்கு ‘ஜிகா’ என்று பெயர் வைத்து விளம்பரமும் தொடங்கியிருந்தது. 2016 பிப்ரவரியில் ஜிகா வைரஸ் பரவலை உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நெருக்கடியாக அறிவித்தது. அந்த மாதமே டாடா பெயரை ‘டியாகோ’ என்று மாற்றியது. அதை முன்கூட்டியே எந்த மொழி வல்லுநரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனால் மலாயில் உள்ள ஒரு சொல்லை மலாய்க்காரர் யாரும் சொல்லிவிடுவார். அதைக் கேட்க வேண்டிய நேரம், ஐந்தாறு பெயர்கள் கையில் இருக்கும்போதே. ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டு, லேபிளும் அச்சடித்த பிறகு, எந்த முதலாளிக்கும் கெட்ட செய்தியைக் கேட்க மனம் வராது. ஏற்றுமதி செய்யும் எண்ணம் இருப்பவர்கள் அச்சகத்துக்குப் போகும் முன், சரக்கு போய்ச் சேரும் ஊரில் மூன்று பேரிடம் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் அந்தப் பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.