முதல் பிளாக்கின் பத்துப் பூஜ்யங்கள்

hello என்ற ஐந்து எழுத்துகளை SHA-256 என்ற கணக்குமுறைக்குக் கொடுத்தால் கீழே உள்ள முதல் வரி கிடைக்கும். முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக மாற்றி Hello என்று கொடுத்தால் இரண்டாவது வரி.

```
2cf24dba5fb0a30e26e83b2ac5b9e29e1b161e5c1fa7425e73043362938b9824
185f8db32271fe25f561a6fc938b2e264306ec304eda518007d1764826381969
```

ஒரே ஒரு எழுத்துதான் மாறியது. ஆனால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை ஊகிக்க வழியே இல்லை. இரண்டு வரியிலும் 64 குறிகள். ஒவ்வொன்றும் 0 முதல் 9 வரையிலான இலக்கமாகவோ a முதல் f வரையிலான எழுத்தாகவோ இருக்கும். மூன்று மணி நேரத் திரைப்படத்தின் முழுக் கோப்பைக் கொடுத்தாலும் இதே 64 குறிகள்தான் வரும். இதைத்தான் ஹாஷ் என்கிறோம். கொடுக்கும் தரவுக்கு அது ஒரு கைரேகை. அதே தரவை எந்த ஊரில், எந்தக் கணினியில் கொடுத்தாலும் அதே ரேகைதான் விழும். ரேகையை வைத்துக்கொண்டு தரவை மீட்கக் குறுக்குவழி எதுவும் இதுவரை யாருக்கும் தெரியாது.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை வடிவமைத்த முறை இது. உள்ளே நடப்பதில் மாயம் ஏதும் இல்லை. வந்த தரவு 64 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டப்படுகிறது. முறையின் கையில் எப்போதும் எட்டு எண்கள் இருக்கும். ஒவ்வொரு துண்டையும் அந்த எட்டு எண்களோடு சேர்த்து, பிட்டுகளைச் சுழற்றி, கூட்டி, ஒப்பிட்டு, 64 சுற்றுகள் கலக்குகிறார்கள். ஒரு சுற்றில் மாறிய ஒரு பிட் அடுத்த சுற்றில் பலவற்றை மாற்றும். கடைசியில் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறியிருக்கும். எல்லாத் துண்டுகளும் முடிந்தபின் கையில் மிஞ்சும் எட்டு எண்களே விடை. தொடக்கத்தில் அந்த எட்டு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதும் வெளிப்படையானது: 2, 3, 5, 7 என்று தொடங்கும் முதல் எட்டுப் பகா எண்களின் வர்க்கமூலங்களில், தசமப் புள்ளிக்குப் பின் வரும் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. வடிவமைத்தவர்கள் தங்களுக்கு வசதியான எண்ணைத் திருட்டுத்தனமாக நுழைக்கவில்லை என்று யாரும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதற்கும் பணத்துக்கும் என்ன சம்பந்தம் என்பதை பிட்காயினின் முதல் பிளாக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இயங்கியவர் 2009 ஜனவரி 3 தேதியிட்டு உருவாக்கிய பிளாக் அது. அதில் ஒரே ஒரு பரிவர்த்தனை: 50 பிட்காயின் வெகுமதி. அந்தப் பரிவர்த்தனைக்குள் அன்றைய லண்டன் டைம்ஸ் நாளிதழின் தலைப்பு ஒன்றும் எழுதப்பட்டுள்ளது. வங்கிகளுக்கு இரண்டாம் முறையாக மீட்பு நிதி கொடுக்கும் நிலைக்குப் பிரிட்டிஷ் நிதியமைச்சர் வந்துவிட்டார் என்ற செய்தி.

பரிவர்த்தனைகள் எத்தனை இருந்தாலும் அவற்றின் ஹாஷ்களை இரண்டிரண்டாகச் சேர்த்து மீண்டும் மீண்டும் ஹாஷ் செய்து, கடைசியில் ஒரே ஹாஷாக்கி பிளாக்கின் தலைப்பகுதியில் வைப்பார்கள். அந்தத் தலைப்பகுதி வெறும் 80 பைட்தான். அதில் முந்தைய பிளாக்கின் ஹாஷ், பரிவர்த்தனைகளின் ஒற்றை ஹாஷ், நேரம், நான்ஸ் எனப்படும் ஓர் எண், இன்னும் ஓரிரு விவரங்கள் இருக்கும். இந்த 80 பைட்டை SHA-256 வழியாக இரண்டு முறை செலுத்தினால் பிளாக்கின் ஹாஷ் கிடைக்கும். முதல் பிளாக்கின் ஹாஷ் இது:

```
000000000019d6689c085ae165831e934ff763ae46a2a6c172b3f1b60a8ce26f
```

தொடக்கத்தில் பத்துப் பூஜ்யங்கள். இது தற்செயலாக வந்ததல்ல. ஹாஷ் ஒரு குறிப்பிட்ட அளவைவிடச் சிறியதாக, அதாவது குறைந்தது எட்டுப் பூஜ்யங்களோடு, இருந்தால்தான் பிளாக் செல்லும் என்பது அன்றைய விதி. ஆனால் எந்தத் தரவைக் கொடுத்தால் எட்டுப் பூஜ்யம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. நான்ஸை மாற்றி மாற்றி ஹாஷ் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சராசரியாக 429 கோடி முயற்சிக்கு ஒரு முறைதான் எட்டுப் பூஜ்யம் வரும். முதல் பிளாக்கில் பொருந்திய நான்ஸ் 2083236893. மைனிங் என்பது இந்தத் தேடல்தான்; கடினமான சமன்பாடு எதையும் அங்கே யாரும் தீர்ப்பதில்லை.

தேடுவதற்குக் கோடிக்கணக்கான முயற்சி; கிடைத்த விடையைச் சரிபார்க்கவோ இரண்டே ஹாஷ் போதும். செலவழித்த மின்சாரத்துக்கான ரசீது அந்த 64 குறிகளுக்குள்ளேயே இருக்கிறது. யாரையும் நம்பத் தேவையில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் அழகு முழுவதும் இந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது. எத்தனை பேர் எவ்வளவு வேகமான இயந்திரங்களோடு வந்தாலும், ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் என்ற கணக்கு தப்பாமலிருக்க, 2016 பிளாக்குகளுக்கு ஒருமுறை அந்த அளவு திருத்தப்படுகிறது. இப்போது 19, 20 பூஜ்யங்கள் தேவைப்படுகின்றன.

சரி, அந்த டைம்ஸ் தலைப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்ற ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பரிவர்த்தனையின் ஹாஷ் மாறும். அது தலைப்பகுதியில் இருப்பதால் பிளாக்கின் ஹாஷும் மாறும். பூஜ்யங்கள் காணாமல் போகும். அவர் புது நான்ஸ் தேடி எட்டுப் பூஜ்யம் கொண்டுவந்துவிடலாம். ஆனால் இரண்டாவது பிளாக்கின் தலைப்பகுதியில் பழைய ஹாஷ்தானே எழுதப்பட்டிருக்கிறது? அதைத் திருத்தினால் இரண்டாவது பிளாக்கின் ஹாஷ் மாறும். அதற்கும் நான்ஸ் தேட வேண்டும். பிறகு மூன்றாவது, நான்காவது என்று இன்றைய பிளாக் வரை ஓட வேண்டும். அவர் பழையதைச் செப்பனிடும் ஒவ்வொரு நிமிடமும் மற்றவர்கள் முனையில் புதிய பிளாக்குகளைச் சேர்த்துக்கொண்டே போவார்கள். அதிக உழைப்பு அடங்கிய சங்கிலியைத்தான் மற்ற கணினிகள் ஏற்கும். பிட்காயினில் பெரிய தொகை வாங்குபவர்கள், தங்கள் பரிவர்த்தனை இருக்கும் பிளாக்கையும் சேர்த்து ஆறு பிளாக்குகள் வரும்வரை காத்திருப்பது இதனால்தான்.

எல்லா நாணயங்களும் இப்படி மைனிங் செய்வதில்லை. எத்தீரியம் 2022 செப்டம்பரில் அதைக் கைவிட்டது. ஆனாலும் ஒரு பிளாக்கை அடுத்ததோடு கோப்பது அங்கேயும் ஹாஷ்தான்.

இந்த அமைப்பு இரண்டு விதமாக உடையும். முதலாவது, ஹாஷ் முறையே பலவீனமாக இருப்பது. உள்ளே போகும் தரவுக்கு அளவில்லை, வெளியே வருவதோ 64 குறி என்பதால், ஒரே ரேகை கொண்ட இரண்டு தரவுகள் எங்கோ இருந்தே தீரும். நல்ல முறையில் அந்த ஜோடியைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். ஐயோட்டா என்ற நாணயத்தை உருவாக்கியவர்கள் கர்ல் என்று தாங்களே ஒரு ஹாஷ் முறையை எழுதிக்கொண்டார்கள். 2017-இல் எம்.ஐ.டி., பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு, ஒரே கர்ல் ஹாஷ் தரும் இரண்டு வெவ்வேறு பணப் பரிமாற்றங்களைச் சாதாரண கணினியிலேயே உருவாக்கிக் காட்டியது. ஹாஷ் மீதுதான் கையெழுத்து போடப்படுகிறது. ஆகவே ஒன்றுக்குப் போட்ட கையெழுத்து மற்றதற்கும் செல்லும். கையெழுத்திடுவதில் கர்லின் இடத்துக்கு, உலகெங்கும் பலர் சோதித்திருந்த கெச்சாக் முறையை அடிப்படையாகக் கொண்ட இன்னொன்றை அவர்கள் கொண்டுவந்தார்கள். சொந்தமாக ஹாஷ் முறை எழுதியிருக்கிறோம் என்று ஒரு நாணயம் பெருமை பேசினால், அதைவிட்டு விலகி நிற்பதே நல்லது என்பேன்.

இரண்டாவதில் ஹாஷுக்கு எந்தக் குறையும் வராது. ஆனால் ஹாஷ் போடும் சக்தியில் பாதிக்கு மேல் ஒரே கையில் சேர்ந்துவிடும். எத்தீரியம் கிளாசிக் என்ற சிறிய நாணயத்துக்கு 2020 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. அதை மைனிங் செய்தவர்கள் குறைவு. தேவையான கணினிச் சக்தியை வாடகைக்கே எடுக்க முடிந்தது. தாக்கியவர்கள் பரிமாற்றச் சந்தைகளுக்கு நாணயத்தை அனுப்பிப் பணமாக்கிக்கொண்டு, தனியாக வளர்த்த நீளமான சங்கிலியைப் பிறகு வெளியிட்டார்கள். ஆயிரக்கணக்கான பிளாக்குகள் செல்லாமல் போயின. அனுப்பிய நாணயம் அனுப்பியவர்களிடமே திரும்பியது. அவர்கள் வெளியிட்ட ஒவ்வொரு பிளாக்கின் ஹாஷும் விதிப்படி சரியானது. அதற்குப்பின் சந்தைகள் அந்த நாணயத்துக்கு, வந்த தொகையைக் கணக்கில் ஏற்கும் முன் காத்திருக்க வேண்டிய பிளாக்குகளின் எண்ணிக்கையைப் பல மடங்கு உயர்த்தின.