பதினான்காம் இடத்தில் கிடந்த பதில்

ஒரு நிறுவனத்தின் பணி விதிமுறைகளைப் படித்து, ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஏஐ செயலி இருப்பதாக வைத்துக்கொள்வோம். "தகுதிகாண் பருவத்தில் இருப்பவர் வேலையை விட எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும்?" என்று ஒருவர் கேட்கிறார். விதிமுறைப் புத்தகத்திலோ, "பணி உறுதி செய்யப்படாதவர்களுக்கு இது 15 நாள்" என்று இருக்கிறது. கேள்வியில் உள்ள முக்கியச் சொற்கள் அந்த வரியில் இல்லை. தேடலில் அது பதினான்காம் இடத்துக்குப் போய்விடுகிறது. நிரந்தர ஊழியருக்கு 60 நாள் என்ற பத்தி முதலிடத்தில் நிற்கிறது. முதல் ஐந்து பத்திகள் மட்டுமே மொழி மாதிரிக்குப் போவதால், "60 நாள்" என்று அது தயங்காமல் சொல்லிவிடும்.

குறை தேடும் முறையில் இருக்கிறது. ஒவ்வொரு பத்தியையும் முன்கூட்டியே எண்களின் வரிசையாக மாற்றிச் சேமித்துவிடுகிறார்கள். கேள்வி வந்ததும் அதையும் எண்களாக்கி, நெருக்கமானவற்றை எடுக்கிறார்கள். லட்சக்கணக்கான பத்திகளிலும் இது நொடிக்குள் முடியும். ஆனால் பத்தி எண்ணாக மாறிய நேரத்தில், என்ன கேள்வி வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாது.

அங்கேதான் ரீரேங்கர் வருகிறது. முதல் தேடல் தந்த ஐம்பது பத்திகளை ஒவ்வொன்றாகக் கேள்வியோடு சேர்த்து வாசித்து, பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும் சிறிய மாதிரி இது. 'உறுதி செய்யப்படாதவர்' என்பதும் 'தகுதிகாண் பருவத்தில் இருப்பவர்' என்பதும் ஒருவரையே குறிக்கின்றன என்பதைக் கேள்வியும் பத்தியும் அருகருகே இருக்கும்போது அதனால் பிடிக்க முடிகிறது. நொகேராவும் சோவும் 2019-இல் பெர்ட் மாதிரியை இந்த வேலைக்கு வைத்துப் பார்த்தபோது, மைக்ரோசாப்டின் எம்எஸ் மார்கோ தேர்வில், வெறும் சொல்பொருத்தத் தேடலைவிட மதிப்பெண் இரண்டு மடங்குக்கும் மேல் போனது.

இதற்கு விலை காத்திருப்பு. கேள்வி வந்த பிறகே வேலை தொடங்குவதால் எதையும் முன்கூட்டிச் செய்து வைக்க முடியாது. ஐம்பதை நூறாக்கினால் வேலையும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இது முடியும்வரை பதிலின் முதல் சொல்லே திரையில் வராது. எழுத்தில் பதில் சொல்லும் செயலியில் அரை நொடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. தொலைபேசியில் பேசும் செயலியில் அதே அரை நொடி உறுத்தும்.

தேவையா என்பதை ஊகத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. பயனர்கள் உண்மையில் கேட்ட நூறு கேள்விகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் சரியான பத்தி எது என்று ஒரு மனிதர் குறித்துவைத்தால் போதும். அவை பெரும்பாலும் முதல் ஐந்திலேயே இருந்தால், ரீரேங்கர் வீண் தாமதம். ஆறிலிருந்து ஐம்பதுக்குள் சிதறிக் கிடந்தால், அதற்கு இடம் உண்டு. ஐம்பதிலும் இல்லாவிட்டால், எவ்வளவு நல்ல ரீரேங்கரும் உதவாது. கையில் வராததை அது எங்கிருந்து எடுக்கும்? பத்திகளை வெட்டிய விதத்தையோ தேடலையோதான் திருத்த வேண்டும். இந்த மூன்றாவது நிலையில் இருந்துகொண்டு ரீரேங்கரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் பலருடைய நேரம் போகிறது.

தமிழ் ஆவணங்களுக்கு இன்னொரு சோதனையும் தேவை. ஆங்கிலத்தில் மட்டுமே பயின்ற ரீரேங்கர், நன்றாக இருந்த வரிசையையும் குலைத்துவிடலாம். அதே நூறு கேள்விகளில், சரியான பத்தி மேலே ஏறியவை எத்தனை, கீழே இறங்கியவை எத்தனை என்று தனித்தனியே எண்ணினால் அது வெளிப்பட்டுவிடும்.