ஒரு மழை பார்த்த பிறகு மீதிப் பணம்

ஜனவரியில் புதுமனை புகுவிழா. சாவி கைக்கு வந்ததும் கான்ட்ராக்டர் மீதிப் பணத்தைக் கேட்பார். ஆனால் அந்த வீடு இன்னும் ஒரு ஐப்பசி மழையைக்கூடப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் ஒப்பந்தத்தில் 'குறைபாட்டுப் பொறுப்புக் காலம்' எழுதுகிறார்கள். அதற்குள் தெரியவரும் வேலைக் குறைகளை அவர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஜனவரியில் ஒப்படைத்த வீட்டுக்கு ஆறு மாதம் என்று எழுதினால், மழைக்கு முன்பே கெடு முடிந்துவிடும். பன்னிரண்டு மாதம் என்று எழுதுங்கள்.

இதற்குப் பிணை, பிடித்தம் தொகை. 40 லட்ச ரூபாய் வேலையில் ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் பிடித்தால், முடிவில் 2 லட்சம் சேரும். ஒப்படைக்கும்போது 1 லட்சத்தைக் கொடுத்துவிட்டு, மீதி 1 லட்சத்தைப் பொறுப்புக் காலம் முடிந்ததும் கொடுப்பது வழக்கமான ஏற்பாடு. அது அவர் உழைத்த காசு. உள் அலங்காரத்துக்குச் செலவழிக்காமல் தனியே போட்டு வையுங்கள்.

நவம்பரில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் அடியில் கசிந்து, கீழே கூரையில் ஈரம் படர்கிறது என்று வையுங்கள். தேதியோடு படமெடுத்து, ஒப்பந்தப்படி 15 நாள் கெடு வைத்து எழுத்தில் தெரிவியுங்கள். அவர் வரவில்லையா? வேறு ஆளை வைத்துச் சரிசெய்த 18,000 ரூபாய் ரசீதைக் காட்டிக் கழித்துக்கொண்டு, 82,000 கொடுக்கலாம். இந்த உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். நீங்கள் ஆணியடித்து உடைத்த டைல்ஸ் இந்தக் கணக்கில் வராது.