வர்த்தகம் குறைந்த பங்கில் எந்த ஆர்டர் போடுவது?

‘20 நாள் உச்சமான 122 ரூபாயைத் தாண்டினால் 1,000 பங்குகள் வாங்கு’ என்று ஒருவர் விதி வைத்திருக்கிறார். பழைய விலைகளில் சோதித்துப் பார்த்தால் லாபம் காட்டுகிறது. ஆனால் அந்தச் சோதனை, ஆயிரம் பங்குகளும் 122 ரூபாய்க்கே கிடைத்ததாகக் கணக்குப் போடுகிறது. அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்கில் அப்படிக் கிடைக்காது.

விற்பவர்கள் வரிசை இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 122-ல் 150 பங்குகள், 122.40-ல் 200, 123.50-ல் 300, மீதி 350 பங்குகள் 125-ல். நம் ஊர்த் தரகர்களின் திரையில் SL-M என்று இருக்கும் ஸ்டாப் ஆர்டரைப் போட்டால், விலை 122-ஐத் தொட்டதும் அது மார்க்கெட் ஆர்டராக மாறி, வரிசையில் இருப்பதையெல்லாம் வாங்கிவிடும். சராசரி விலை 123.58. எதிர்பார்த்ததைவிட 1,580 ரூபாய் கூடுதல். இதுதான் ஸ்லிப்பேஜ்.

வெறும் லிமிட் ஆர்டரும் இங்கே சரிவராது. விலை 120-ல் இருக்கும்போது 122 என்று லிமிட் போட்டால், உச்சத்தைத் தாண்டும்வரை காத்திராமல் அப்போதே வாங்கிவிடும். இரண்டையும் சேர்த்த ஸ்டாப் லிமிட், அதாவது SL, தான் இந்த விதிக்குப் பொருந்தும். டிரிகர் 122, லிமிட் 122.50 என்று வைத்தால் 350 பங்குகள் கிடைக்கும். மீதி 650-க்கான ஆர்டர் 122.50-ல் காத்திருக்கும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நிற்காமல் ஏறும் பங்கில் அந்த 650 கிடைக்கவே கிடைக்காது. ஏறிவிட்டுத் திரும்பி விழும் பங்கில் முழுதாகக் கிடைத்துவிடும். நல்ல வாய்ப்புகள் நழுவி, மோசமானவை கையில் சேரும். சோதனையில் இது தெரியவேண்டுமென்றால், லிமிட் விலையைத் தொட்டாலே வாங்கியதாகக் கொள்ளக் கூடாது. அதைவிட ஒரு பைசாவாவது கீழே போயிருந்தால்தான் மீதி கிடைத்ததாகக் கணக்கிட வேண்டும். நஷ்டத்தைத் தடுக்கும் ஆர்டரையும் 1,000-க்குப் போடாமல், உண்மையில் கையில் இருக்கும் எண்ணிக்கைக்கு மட்டும் போட விதி எழுத வேண்டும்.

விற்று வெளியேறும்போது கவலை வேறு. வாங்கத் தவறினால் கைப்பணம் போகாது; விற்கத் தவறினால் போகும். 116-ல் டிரிகர், 115.50-ல் லிமிட் என்று நெருக்கமாக வைத்துவிட்டு, மறுநாள் பங்கு 113-ல் திறந்தால் ஆர்டர் அப்படியே நின்றுவிடும். லிமிட்டை 112-க்கு இறக்கி வைப்பதே நல்லது. அதற்காக 112-க்குத்தான் விற்கும் என்று பயப்பட வேண்டாம். அந்த நேரத்தில் அதிக விலை கேட்பவருக்கே முதலில் போகும். சில நிமிடங்களில் விற்காவிட்டால் லிமிட்டை மேலும் இறக்கவும் விதியில் இடம் வையுங்கள்.

கீழ் சர்க்யூட்டில் பங்கு பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது; எந்த ஆர்டரும் அன்று காப்பாற்றாது. 122.50-க்குள் விற்பனைக்கு இருப்பதே 350 பங்குகள் என்றால், 1,000 என்ற எண்ணிக்கையைத்தான் முதலில் குறைக்க வேண்டும்.