அறுபது படங்களா? ஒரே படம்தான், தெரியுமா!

வீடியோ ஓடும்போது கீழே இருக்கிற சீக் பார் மேல் மவுஸை வைத்து இழுத்தால், குட்டிக் குட்டியாகக் காட்சிகள் எட்டிப் பார்க்கின்றனவே! அவை ஒவ்வொன்றும் சர்வரிலிருந்து தனித்தனியாக வருகின்றன என்று நினைத்தீர்களா? பல ப்ளேயர்களில் அப்படி இல்லவே இல்லை. எல்லாக் காட்சிகளும் ஒட்டிய ஒரே பெரிய படம் முன்பே வந்து இறங்கிவிடுகிறது. நீங்கள் பார்ப்பது அதன் ஒரு கட்டத்தை மட்டும். இந்தப் பெரிய படத்துக்குப் பெயர்தான் ஸ்ப்ரைட் ஷீட்.

பிளெண்டர் அறக்கட்டளை 2008-இல் வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’ குறும்படத்தையே எடுத்துக்கொள்வோம். ஓடும் நேரம் 9 நிமிடம் 56 விநாடி. பத்து விநாடிக்கு ஒரு படம் என்றால் 60 படங்கள். வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை. 14,000-க்கும் மேற்பட்ட ஃப்ரேம்களிலிருந்து அந்த அறுபதைப் பொறுக்கி, சுருக்கி, ஒட்டித் தர எஃப்எஃப்எம்பெக்குக்கு இந்த ஒரு வரி போதும், நம்ப முடிகிறதா?

```
ffmpeg -i bunny.mp4 -vf "fps=1/10,scale=256:144,tile=10x6" -frames:v 1 -q:v 4 sprite.jpg
```

அது ஏன் 256-க்கு 144? இங்கேதான் சுவாரசியம்! பலரும் 160-க்கு 90 என்றே வைக்கிறார்கள். ஆனால் ஜேபெக் படத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்கும். நிறத்துக்கு அந்தச் சதுரம் பெரும்பாலும் 16 பிக்சல். 90-ஐ 16 சரியாக வகுக்காது. ஆகவே ஒரு சதுரத்தின் மேல்பாதி ஒரு காட்சியிலும் கீழ்பாதி அடுத்த வரிசைக் காட்சியிலும் விழும். விளைவு? இருட்டுக் காட்சியின் ஓரத்தில் பக்கத்துப் புல்வெளியின் பச்சை லேசாகக் கசியும்! 256, 144 இரண்டையுமே 16 மீதியில்லாமல் வகுக்கும், 16:9 விகிதமும் கெடாது. கசிவுக்கு இடமே இல்லை.

சரி, எந்த நேரத்துக்கு எந்தக் கட்டம் என்று ப்ளேயருக்கு எப்படித் தெரியும்? சப்டைட்டிலுக்குப் பயன்படும் வெப்விடிடி கோப்புதான் வழிகாட்டி! வசனம் இருக்க வேண்டிய இடத்தில் படத்தின் முகவரி உட்கார்ந்திருக்கும். 4:07-இல் மவுஸ் நிற்கிறது என்று வையுங்கள். அது 247-ஆவது விநாடி. பத்தால் வகுத்தால் முழு எண் 24. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் அது 2-ஆவது வரிசை, 4-ஆவது பத்தி. நான்கு 256 என்றால் 1024. இரண்டு 144 என்றால் 288.

```
WEBVTT

00:04:00.000 --> 00:04:10.000
sprite.jpg#xywh=1024,288,256,144
```

`#xywh` என்பது 2012-இல் டபிள்யூ3சி அங்கீகரித்த மீடியா ஃப்ராக்மென்ட்ஸ் தரத்திலிருந்து வந்தது. `#`-க்குப் பின்னால் உள்ளது எதுவும் சர்வருக்குப் போவதே இல்லை! அறுபது வரிகள் இருந்தாலும் பிரவுசர் கேட்பது ஒரே கோப்பு. கட்டத்தை வெட்டிக் காட்டுகிற வேலை முழுக்க ப்ளேயரின் ஜாவாஸ்கிரிப்டுக்கு. படமே வரவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்: சில ப்ளேயர்கள் அதை வெப்விடிடி கோப்பு இருக்கும் இடத்திலிருந்து தேடும், சில வெப்பக்கம் இருக்கும் இடத்திலிருந்து.

இரண்டரை மணி நேரப் படமென்றால் 900 கட்டம். அதையும் ஒரே ஷீட்டில் திணிக்கலாமே என்கிறீர்களா? ஆபத்து! ஜேபெக் கோப்பு சிறிதாக இருக்கலாம். மெமரியில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் வேண்டும். 60 கட்டத்துக்கு சுமார் 9 எம்பி, 900-க்கோ 130 எம்பியைத் தாண்டும்! பழைய போன் திணறிவிடும். `-frames:v 1`-ஐ எடுத்துவிட்டு, பெயரை `sprite_%03d.jpg` என்று மாற்றினால் 15 ஷீட்டுகளாகப் பிரிந்து வரும்.

இன்னொரு விந்தை: 240 ஃப்ரேமுக்கு ஒன்று என்று எண்ணி எடுப்பவர்களும் உண்டு. 24 ஃப்ரேம் வீடியோவில் அது கச்சிதமாகப் பத்து விநாடி. ஆனால் நிறைய வீடியோக்கள் உண்மையில் ஓடுவது 23.976 ஃப்ரேம் வேகத்தில்! அப்போது ஒவ்வொரு கட்டமும் 10.01 விநாடி. நூறில் ஒரு பங்குதானே என்று விட்டால், 900-ஆவது கட்டத்தில் 9 விநாடி பிசகியிருக்கும். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். கிளைமாக்ஸில்தான் குட்டு வெளிப்படும். அதனால் சோதிக்கும்போது, படத்தின் கடைசிப் பகுதியில் காட்சி சட்டென்று மாறும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.

அவசரமா? `-i`-க்கு முன்னால் `-skip_frame nokey` சேர்த்தால் கீஃப்ரேம்களை மட்டும் பிரித்துப் பார்க்கும், வேலை மளமளவென்று முடியும். ஆனால் கீஃப்ரேம்கள் தள்ளித் தள்ளி இருக்கும் வீடியோவில் பக்கத்துக் கட்டங்களில் ஒரே காட்சி இரண்டு மூன்று முறை வந்து நிற்கும். ஷீட்டைத் திறந்த உடனே கண்ணில் படும் குறை இது. அப்படித் தெரிந்தால் அந்த ஆப்ஷனை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். கூடுதல் நேரம் ஆகத்தான் செய்யும்.