விந்து முந்துதல்: தொடக்கமுதல் இருப்பதும் இடையில் வருவதும்

'முந்து' என்னும் வினை தனித்துப் பொருள் தருவதன்று. ஒன்று முந்துகிறது என்றால், எதனை முந்துகிறது என்னும் வினா உடனே எழுகிறது. விந்து முந்துதல் என்று நாம் வழங்கும் குறைபாட்டிற்கும் இவ்வினா பொருந்தும். இதற்கு மருத்துவம் இரண்டு விடைகளைக் கண்டிருக்கிறது. சிலருக்கு விந்து வெளிப்படும் நேரம், ஆடவர் பெரும்பாலோருக்குரிய நேரத்தை முந்துகிறது. முதல் உறவிலிருந்தே அவர்களுக்கு நிலைமை அவ்வாறுதான். வேறு சிலருக்கோ அது, அவர்களுக்கே முன்னர் இருந்த நேரத்தை முந்துகிறது. முன்னதைத் தொடக்கமுதல் வகை என்றும் பின்னதை இடையில் வந்த வகை என்றும் இங்கே குறிப்போம். அறிகுறி ஒன்றாயினும் இவை தோன்றும் காரணமும் தீரும் வழியும் வேறு வேறு.

இப்பிரிவு புதிதன்று. 1943ஆம் ஆண்டிலேயே பெர்னார்ட் ஷப்பிரோ என்னும் மருத்துவர் தம்மிடம் வந்தோரை இரு வகையினராகப் பிரித்துக் காட்டினார். ஆயினும் நெடுங்காலம் இரு வகையினருக்கும் ஒரே மருத்துவமே தரப்பட்டது. அனைத்தும் மனத்தின் பதற்றத்தால் வருவன என்றும், பயிற்சியால் தீர்வன என்றும் கருதப்பட்டமையே அதற்குக் காரணம்.

முதலில் அளவைக் காண்போம். 2005ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 500 இணையர் தம் வீட்டிலேயே நிறுத்துக் கடிகாரம் கொண்டு நேரத்தை அளந்தனர். குறி உட்சென்றது முதல் விந்து வெளிப்படும் வரையான நேரமே அங்கு அளக்கப்பட்டது. அதன் இடைநிலை அளவு 5.4 நிமிடம். ஆனால் ஒருவருக்கும் மற்றொருவருக்கும் இடையே வேறுபாடு மிகப் பெரிது: அரை நிமிடம் முதல் 44 நிமிடம் வரை அது பரந்து கிடந்தது. உயரத்தில் மனிதர் வேறுபடுவதுபோல இதிலும் இயல்பாகவே வேறுபடுகின்றனர் என்பது இதனால் விளங்கும்.

பாலியல் மருத்துவத்திற்கான பன்னாட்டுச் சங்கம் இரு வகைக்கும் இரு வேறு அளவுகளைத் தந்துள்ளது. தொடக்கமுதல் வகையில், முதல் அனுபவம் முதலே எப்போதும் அல்லது பெரும்பாலும் ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் விந்து வெளிப்படுகிறது. இடையில் வந்த வகையில், முன்பு இருந்த நேரம் வெளிப்படையாகக் குறைந்து, பல வேளைகளில் மூன்று நிமிடம் அல்லது அதற்கும் கீழாகிறது. இரண்டிலும் நேரம் மட்டும் போதாது. தள்ளிப்போட இயலாமையும், அதனால் மனவேதனையோ உறவைத் தவிர்த்தலோ நிகழ்வதும் உடன் இருத்தல் வேண்டும். ஒரு நிமிடத்தில் முடியினும் கணவன் மனைவி இருவரும் நிறைவுடன் இருப்பின், அங்கு நோய் என ஒன்றில்லை.

காரணம் எவ்வாறு வேறுபடுகிறது? தொடக்கமுதல் வகையில், உடலின் அமைப்பே முதற்காரணம் என்பது இன்று மேலோங்கி நிற்கும் கருத்து. விந்து வெளிப்படுதலை மூளையும் முதுகுத்தண்டும் சேர்ந்து இயக்குகின்றன. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்னும் பொருள் அவ்வியக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. அதன் செயற்பாடு சிலரிடம் இயல்பாகவே குறைந்திருக்கலாம், அல்லது அதனை ஏற்கும் வாயில்கள் மந்தமாக இருக்கலாம் என்பது நெதர்லாந்து நாட்டு மருத்துவர் மார்செல் வால்டிங்கர் முன்வைத்த கருதுகோள். இது இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை. எனினும் செரோட்டோனினை மிகுவிக்கும் மனச்சோர்வு மருந்துகள் விந்து வெளிப்படுதலைத் தாமதப்படுத்துவது தெளிவாகக் காணப்பட்டுள்ளது.

இடையில் வந்த வகையில், இயல்பாக இயங்கிய அமைப்பு ஒன்றைப் புதிதாக வந்த ஏதோ ஒன்று கலைத்திருக்கிறது. அது விறைப்புக் குறையாக இருக்கலாம்; தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பதாக இருக்கலாம்; புரோஸ்டேட் சுரப்பியின் அழற்சியாகவோ, மனப்பதற்றமாகவோ, இணையருக்கு இடையே வளர்ந்த பிணக்காகவோ இருக்கலாம். ஆகவே இங்கு மருத்துவரின் முதற்கடமை நேரத்தை நீட்டுவதன்று. கலைத்தது எது எனக் காண்பது.

எடுத்துக்காட்டிற்காக இருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் மருந்தகத்திற்கு வந்து, "ஒரு நிமிடம்கூடத் தாங்குவதில்லை, டாக்டர்" என்கின்றனர். "எப்போதிலிருந்து?" என்று மருத்துவர் கேட்கிறார். 27 வயதினர், "எனக்கு எப்போதும் இப்படித்தான்" என்கிறார். 44 வயதினர், "இந்த எட்டு மாதமாக இப்படி ஆகிவிட்டது" என்கிறார். 'ஆகிவிட்டது' என்பதிலுள்ள 'விடு' என்னும் துணைவினை, முன்பு இல்லாத ஒரு நிலை வந்து முடிந்ததைச் சுட்டுகிறது. மருத்துவர் பின்தொடர வேண்டிய தடம் அச்சொல்லிலேயே இருக்கிறது.

இளையவருக்கு விறைப்பில் குறையில்லை, வேறு நோயில்லை, மன அமைதியான நாளிலும் பதற்றமான நாளிலும் நேரம் மாறுவதில்லை. இவருக்கு நீண்ட பரிசோதனைகள் தேவைப்படா. வழிகள் மூன்று. ஒன்று, பாரோக்ஸெட்டின் போன்ற மருந்தை நாள்தோறும் உட்கொள்வது. ஓரிரு வாரங்களில் பயன் தெரியத் தொடங்கும். மற்றொன்று, டபோக்ஸெட்டின் 30 மில்லிகிராம் மாத்திரையை உறவுக்கு ஒன்று முதல் மூன்று மணி நேரத்திற்கு முன் உட்கொள்வது. மூன்றாவது, லிடோகெய்ன் கலந்த மரப்புக் களிம்பையோ தெளிப்பையோ குறியின் நுனியில் இடுவது. களிம்பு இட்டவர் உறவுக்கு முன் அதனைத் துடைத்தல் அல்லது ஆணுறை அணிதல் வேண்டும்; இல்லையேல் மனைவிக்கும் மரப்பு ஏற்படும்.

இம்மருந்துகளின் எல்லைகளையும் இவருக்கு எடுத்துரைக்க வேண்டும். இவை அமைப்பை மாற்றுவதில்லை. உட்கொள்ளும் காலம் வரையே பயன் தரும். நிறுத்தினால் பழைய நேரம் திரும்பும். நாள்தோறும் உண்ணும் மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரக்கூடும். குமட்டல், சோர்வு, இச்சைக் குறைவு ஆகியன பக்கவிளைவுகள். இளம் வயதினர் சிலருக்கு மனநிலை மாற்றமும் தற்கொலை எண்ணமும் எழக்கூடும் என்பதால், மருத்துவரின் கண்காணிப்பின்றி இவற்றை உண்ணுதல் தகாது. 1956இல் ஜேம்ஸ் சீமன்ஸ் எடுத்துரைத்த 'நிறுத்தித் தொடரும்' பயிற்சி மருந்துடன் சேர்ந்து துணைபுரியும். ஆனால் அது மட்டுமே கொண்டு பெற்ற பயன், காலப்போக்கில் பலருக்கு நிலைப்பதில்லை.

இவ்விளைஞர் அதற்கு முன்பே வேறொரு விளக்கத்தைக் கேட்டு வந்திருக்கக்கூடும். 'இளமைக்காலத் தவறுகளால் வந்த நரம்புத்தளர்ச்சி' என்று நாளிதழ் விளம்பரங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. சுயஇன்பம் இக்குறையை உண்டாக்கும் என்பதற்குச் சான்றில்லை. தம் குற்றத்திற்கு உடல் தரும் தண்டனை இது என்று நம்பி, திருமணத்தையே தள்ளிப்போடுவோரும் உளர். தொடக்கமுதல் வகை என்று சரியாகப் பெயரிடுவது, அக்குற்றவுணர்வை நீக்கும் முதல் மருந்தாகும்.

மூத்தவரிடம் வினாக்கள் தொடர்கின்றன. முன்னர் ஆறேழு நிமிடம் இருந்தது என்கிறார். விறைப்பு நன்றாகவே உள்ளது. நன்றாக உண்டும் எட்டு மாதத்தில் ஆறு கிலோ எடை குறைந்திருக்கிறது. குளிரூட்டிய அறையிலும் வியர்க்கிறது. நீட்டிய விரல்கள் நடுங்குகின்றன. ஓய்விலும் நாடி நிமிடத்திற்கு 108. குருதிப் பரிசோதனையில் தைராய்டைத் தூண்டும் இயக்குநீர் மிகக் குறைந்தும், தைராய்டு இயக்குநீர் மிகுந்தும் காணப்படுகின்றன. ஆகவே மருத்துவர் தருவது கார்பிமசோல் என்னும் தைராய்டு மருந்து. விந்து முந்துதலுக்கென எதுவும் தரவில்லை. இயக்குநீர் இயல்பு நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதன் பின்னரே பழைய நேரம் திரும்புகிறதா எனப் பார்க்க வேண்டும்.

இவ்வழிக்குச் சான்று உண்டு. 2005இல் இத்தாலிய மருத்துவர்கள் தைராய்டு மிகைச் சுரப்புடைய 34 ஆடவரை ஆராய்ந்தனர். அவர்களுள் பாதிப்பேருக்கு விந்து முந்துதல் இருந்தது. தைராய்டைச் சீராக்கிய பின் அது 15 விழுக்காடாகக் குறைந்தது. எஞ்சியவர்களுக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கும் என்பதையும் இவ்வெண்ணே உணர்த்துகிறது.

இளையவரின் மருந்தையே மூத்தவருக்கும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேரம் ஒருவேளை நீண்டிருக்கும். அவரும் நிறைவுடன் வீடு திரும்பியிருப்பார். தைராய்டு நோயோ உள்ளே வளர்ந்து, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் வரை சென்றிருக்கலாம். அறிகுறியை அடக்குவதில் உள்ள இடர் இதுவே.

விறைப்புக் குறையிலிருந்து முந்துதல் பிறப்பதே நாற்பதைக் கடந்தோரிடம் மிகுதியும் காணப்படுவது. விறைப்பு தளர்ந்துவிடும் என்று அஞ்சுபவர் விரைந்து முடிக்க முயல்கிறார், அவ்விரைவே பழக்கமாகிறது. இவர் தம் குறையாகச் சொல்வது விரைவை. அதன் அடியில் இருப்பது தளர்ச்சி. இவருக்கு முதலில் விறைப்பைச் சீராக்கும் மருந்து தர வேண்டும். அச்சம் நீங்கினால் விரைவும் பெரும்பாலும் தணியும். விறைப்புக் குறை, நீரிழிவிற்கும் இதயக் குழாய் நோய்க்கும் முன்னறிவிப்பாக அமையக்கூடும். ஆதலால் சர்க்கரை, குருதி அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றையும் பார்ப்பது முறை. சில வேளை இது தலைகீழாகவும் நிகழும்: தொடக்கமுதல் முந்துதல் உடையவர் தம் கிளர்ச்சியை அடக்க முயன்று விறைப்பை இழப்பர். எது முன் வந்தது என்னும் வினாவே இவ்விருவரையும் பிரித்துக் காட்டும்.

இவ்விரண்டிலும் அடங்காதோரும் உளர். ஐந்து நிமிடம் நீடித்தும் தமக்குக் குறையென்று வருந்துவோர் அவர்கள். அவர்களுக்கு இயல்பு எது என்னும் விளக்கமே போதும், மருந்து தேவையில்லை. சில நாள் முந்தியும் சில நாள் முந்தாமலும் இருப்பதும் இயல்பே.

ஆகவே மருத்துவரைக் காணச் செல்பவர் மூன்று செய்திகளை எண்ணிக்கொண்டு செல்லலாம்: இது எப்போது தொடங்கியது, அதற்கு முன் எவ்வாறு இருந்தது, அக்காலத்தில் உடலிலும் மனத்திலும் உண்ணும் மருந்திலும் வேறு எது மாறியது. மனைவியும் உடன் வந்தால் இரண்டாம் வினாவிற்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கும். இவற்றைக் கேளாமலே மாத்திரையை நீட்டுபவர் எவராயினும், அவர் எந்த நோய்க்கு மருந்து தருகிறார் என்பதை அவரே இன்னும் அறியார்.