கூட்டத்தைக் கழிக்கும் கணக்கு

மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை ஆளில்லாமல் படமெடுப்பது லேசில்லை. சுமார் 6 மீட்டர் உயரப் பாறை, விழுந்துவிடும்போல் சரிவில் நிற்கிறது. அதைக் கண்டதும் எவருக்கும் கீழே போய், இரண்டு கைகளையும் உயர்த்தி, தாங்கிப் பிடிப்பதுபோல் நிற்கத் தோன்றிவிடும். ஒருவர் விலகினால் அடுத்தவர் தயாராக நிற்பார். பின்னால் பிள்ளைகள் சரிவில் சறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிறு மாலை, அந்தக் கூட்டத்தைக் கணக்கால் கழித்துப் பார்க்கலாமென்று போனேன். ஒரே இடத்தில் நின்று பல படங்கள் எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ‘இடைநிலை’ காண்பதுதான் முறை. பள்ளிக்கூடத்தில் சராசரியோடு சேர்த்துப் படித்தோமே, அதே இடைநிலைதான்.

பாறைக்குப் பக்கத்தில், சரிவில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். ஒன்பது படங்களில் அந்தப் புள்ளியின் வெளிச்ச அளவு, 0 முதல் 255 வரையான கணக்கில், இப்படி இருக்கிறது: 142, 140, 61, 143, 141, 228, 142, 58, 144. கல்லின் அளவு 140-ஐ ஒட்டியது. 61-உம் 58-உம் கறுப்புத் தலைகள். 228 ஒரு வெள்ளைச் சட்டை. எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்தால் 133 வரும். அதாவது கல் சற்றுக் கறுத்துவிடும். ஒவ்வொருவரும் மங்கிய ஆவியாகப் படத்தில் தங்கிவிடுவார்கள். அதற்குப் பதில் சிறியதிலிருந்து பெரியதுவரை வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 142. அது சுத்தமான கல். தலைகளும் சட்டையும் வரிசையின் இரு ஓரங்களுக்கு ஒதுங்கிவிட்டன. இதையே படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணினி செய்கிறது.

இது ஒரு வாக்கெடுப்பு மாதிரி. பாதிக்கு மேற்பட்ட படங்களில் ஒரு புள்ளியில் கல் தெரிந்தால் போதும், அங்கே கல் ஜெயிக்கும். எந்த ஒரு படத்திலும் இடம் முழுக்கக் காலியாக இருந்திருக்க வேண்டியதில்லை.

வாக்குகளை ஒப்பிட வேண்டுமானால் எல்லாப் படங்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கேமராவை மேனுவலில் வைத்து வெளிச்சம், குவியம், வெண்சமநிலை மூன்றையும் பூட்டிவிட வேண்டும். தானியங்கியில் விட்டால், வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் குறுக்கே வந்ததும் கேமரா படத்தையே இருட்டாக்கிவிடும். டிரைபாட் இருந்தால் நல்லது. ஆனால் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அதை வைக்கத் தனி அனுமதி வேண்டும். நான் கையில் பிடித்தே எடுத்தேன். கையின் சிறு ஆட்டத்தை மென்பொருள் நேராக்கிவிடும். ஓரடி நகர்ந்ததை நேராக்காது. நாம் நகர்ந்தால் பக்கத்துப் பாறை ஓர் அளவிலும் தூரத்து மரம் வேறோர் அளவிலும் இடம் மாறும். அதனால் செருப்பைக் கழற்றி, அதன் நுனியில் பாதத்தை வைத்து நின்றேன்.

போட்டோஷாப்பில் `File > Scripts > Statistics` போய் `Median` தேர்ந்தெடுத்து, படங்களைத் தாமாக ஒழுங்குபடுத்தும் கட்டத்தையும் டிக் செய்தால் வேலை முடிந்தது. காசில்லாமல் செய்ய வேண்டுமானால் ஹ்யூகினோடு வரும் கருவியும் இமேஜ்மேஜிக்கும் போதும். முதல் வரி படங்களை நேராக அடுக்கும். இரண்டாவது வரி இடைநிலை காணும்:

```
align_image_stack -m -C -a neer_ *.jpg
magick neer_*.tif -evaluate-sequence median paarai.tif
```

அன்று 20 விநாடிக்கு ஒன்றாக 15 படங்கள் எடுத்தேன். விடை வந்தபோது சரிவு முழுக்கத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சறுக்கிய பிள்ளைகள், குடைபிடித்து நின்றவர்கள், ஐஸ்கிரீம் கையோடு போனவர்கள், ஒருவரும் இல்லை. ஆனால் பாறைக்கு அடியில் மட்டும் பல நிறம் கலந்த ஒரு கசங்கல். அதிலிருந்து மேல்நோக்கி இரண்டு கைகள்!

படம் போதவில்லை என்று நினைத்து அடுத்த வாரம் 45 எடுத்தேன். கசங்கல் போகவில்லை, இன்னும் திடமாகிவிட்டது.

காரணம் அந்த வாக்கெடுப்பிலேயே இருக்கிறது. ஓரிடத்தை ஆட்கள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மறைக்கிறார்கள் என்றால், 15 படங்களில் ஏறக்குறைய மூன்றில்தான் மறைப்பு இருக்கும். தோற்க வேண்டுமானால் எட்டில் இருக்க வேண்டும். அப்படி நேர்வது நூற்றில் ஒன்றுகூட இல்லை. ஐந்தில் இரண்டு பங்கு நேரம் மறைத்தால், ஐந்து புள்ளிகளில் ஒன்று கெட்டுப்போகும். இந்த அளவுவரை படங்களைக் கூட்டினால் பலன் உண்டு. பாதியைத் தாண்டிவிட்டால் கணக்கு தலைகீழ். அங்கே பெரும்பான்மை மனிதர்கள்தான். படங்களைக் கூட்டக் கூட்ட அவர்கள் வெற்றி உறுதியாகும். பாறையடியில் ஆள் இல்லாத நேரம் மிகக் குறைவு. எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி கைதூக்கி நிற்கிறார்கள். அதனால்தான் யாருடையவும் அல்லாத அந்தக் கைகள் தெரிந்தன. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் இடைநிலையைத் தனித்தனியாகக் கண்டால், சேலைக்கும் சட்டைக்கும் சம்பந்தமில்லாத புது நிறமும் அங்கே பிறக்கும். படத்தில் இப்படி ஒரு நிறக்கலங்கல் தெரிந்தால் அங்கே கல் தோற்றது என்று அர்த்தம்.

இன்னொரு தவறும் என்னுடையது. 20 விநாடி இடைவெளி போதவில்லை. ஒரு குடும்பம் அங்கே ஒரு நிமிடம் நின்றால் மூன்று படங்களில் அதே முகங்கள். மூன்று படம்போல் தெரிந்தாலும் அது ஒரே வாக்கு. ஆட்கள் நிற்கும் நேரத்தைவிட இடைவெளி நீண்டிருக்க வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் நிற்கவும் முடியாது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கால் மணி நேரத்தில் பாறை நிழலின் விளிம்பு இடம் மாறிவிடும். நிழலே விழாத மேகமூட்டமான நாள் இதற்கு உகந்தது. காற்றில் ஆடும் மரமும் ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதால் இலைகள் மெழுகிவிட்டதுபோல் ஆகும். கடற்கரைக் கோயிலில் இதைச் செய்தால் அலைக்கும் அதே கதிதான்.

1838-இல் பாரிஸில் டாகேர் ஒரு தெருவைப் படமெடுத்தார். பல நிமிடம் திறந்திருந்த அந்தக் கேமராவில் வண்டிகளும் மனிதர்களும் பதியவே இல்லை. காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவர் பதிந்தார். அது வேறு கணக்கு. ஆனால் நிற்பவர் தங்குவார் என்ற விதி இரண்டுக்கும் பொது.

கடைசியில் 45 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பாறையடி காலியாக இருந்தவை மூன்றே மூன்று. ஒரு குடும்பம் போய் அடுத்தது வருவதற்குள் கிடைத்த நொடிகள். 45-இன் இடைநிலைப் படத்தை வைத்துக்கொண்டு, பாறையடிக்கு மட்டும் அந்த மூன்றின் இடைநிலையை ஒட்டுப்போட்டேன். ஒட்டு தெரியவில்லை. அடியில் ஒருவரும் இல்லாமல் பாறை இப்போது தானாகவே நிற்கிறது.